முடிவில் அல்ல, அடியில்: இருவர் கருத்து எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

"செய்யலாம்" என்கிறார் ஒருவர். "கூடாது" என்கிறார் மற்றவர். ஆளுக்கு ஐந்தாறு காரணங்களை அடுக்கிவிடுகிறார்கள். ஒரு காரணம் அடிபட்டால் அடுத்ததுக்குத் தாவுகிறார்கள். அதுவும் அடிபட்டால் முதலாவதுக்கே திரும்புகிறார்கள். ஒரு மணி நேரம் பேசியும் யாரும் ஓர் அங்குலம் நகரவில்லை. பிடிவாதம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெரும்பாலும் பிரச்சினை வேறு: இருவரும் முடிவைப் பற்றியே சண்டை போடுகிறார்கள், அவர்களைப் பிரித்த இடம் முடிவில் இல்லை.

ஒரு முடிவு தனியாக நிற்பதில்லை. அதற்குக் கீழே சில அடிப்படைக் கூற்றுகள் இருக்கின்றன. அந்தக் கூற்றுகள் எல்லாம் உண்மையாக இருந்து, அவற்றிலிருந்து முடிவு சரியாகப் பிறக்கவும் செய்தால், அந்த முடிவை யாரும் மறுக்க முடியாது. இதைத் திருப்பிப் பார்த்தால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது: உங்கள் முடிவை ஒருவர் மறுக்கிறார் என்றால், கீழே இருக்கும் ஏதோ ஒரு கூற்றை அவர் ஏற்கவில்லை; அல்லது, கூற்றுகளை எல்லாம் ஏற்றாலும் அவற்றிலிருந்து இந்த முடிவு வராது என்கிறார். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பேச வேண்டிய விஷயம் சின்னதாகிவிடும், பல சமயம் சோதித்துப் பார்க்கக்கூடியதாகவும் ஆகிவிடும்.

நம் அளவை மரபில், அதாவது தர்க்க மரபில், இதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு, மணிமேகலையிலும் வருகிறது. "இம்மலை நெருப்புடையது" என்பது நிறுவ வேண்டிய கூற்று. "புகை உடையதால்" என்பது ஏது, அதாவது காரணம். "அடுக்களை போல" என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இதில் அடுக்களை எதற்கு வருகிறது? புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற பொதுவிதியை ஞாபகப்படுத்துவதற்காக. இப்போது ஒருவர் "மலையில் நெருப்பு இல்லை" என்றால், அவர் இரண்டு இடங்களில் ஒன்றில் முரண்படலாம். "அது புகையே இல்லை, பனிமூட்டம்" என்று சொல்லலாம். அல்லது "புகைதான், ஆனால் நெருப்பு அணைந்த பிறகும் புகை தங்கும்" என்று சொல்லலாம். முதலாமவருக்கு மலைக்கு அருகில் போய்ப் பார்ப்பதுதான் பதில். இரண்டாமவரை அருகில் அழைத்துப்போய்ப் புகையைக் காட்டினால் ஒன்றும் நடக்காது. புகையை அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். அன்றாட வாதங்களில் நாம் செலவழிக்கும் மூச்சில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது: எதிரில் இருப்பவர் மறுக்காத கூற்றுக்கு ஆதாரம் மேல் ஆதாரமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பேச்சில் காரணம்தான் வெளியே வருகிறது, பொதுவிதி வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். "விலை அதிகம், அதனால் வேண்டாம்" என்பவர், எவ்வளவுக்கு மேல் போனால் வேண்டாம் என்ற விதியைச் சொல்வதில்லை. அவருக்கே அது முழுதாகத் தெரியாமலும் இருக்கலாம்.

எந்தக் காரணம் முடிவைத் தாங்குகிறது?

சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் முடிவைத் தாங்குபவை அல்ல. பல காரணங்கள் துணைக்கு வந்தவை. அவற்றை எடுத்துவிட்டாலும் முடிவு அப்படியே நிற்கும். எதை எடுத்தால் முடிவு கவிழுமோ, அந்தக் கூற்றை இங்கே அச்சாணி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இது உண்மையில்லை என்று நாளைக்கு உறுதியாகத் தெரிந்தால், உன் முடிவை மாற்றிக்கொள்வாயா?" மாற்றுவேன் என்றால் அச்சாணி. மாற்ற மாட்டேன் என்றால் அந்தக் காரணத்தை ஓரமாக வைத்துவிடலாம். அதைப் பற்றி வாதாடி வென்றாலும் எதுவும் அசையாது.

ஒருவருடைய அச்சாணி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, பாதிதான். நமக்கு வேண்டியது இருவருக்கும் பொதுவான அச்சாணி: ஒருவர் உண்மை என்றும் மற்றவர் பொய் என்றும் நினைக்கிற, எந்தப் பக்கம் முடிவானாலும் யாரோ ஒருவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளக்கூடிய கூற்று. சென்டர் ஃபார் அப்ளைடு ரேஷனாலிட்டி என்ற அமெரிக்க அமைப்பு ‘டபுள் கிரக்ஸ்’ என்ற பெயரில் இதை ஒரு பயிற்சியாகவே கற்பித்திருக்கிறது. உரிமையியல் வழக்குகளில் சாட்சி விசாரணைக்கு முன் எழுவினாக்களை வகுப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை விட்டுவிட்டு, ஒருவர் சொல்லி மற்றவர் மறுக்கும் கூற்றுகளை மட்டும் தனியே எடுத்து வைப்பது.

ஓர் அக்காவும் தம்பியும்

அப்பாவுக்கு வயது 74. "அப்பா இனிமே கார் ஓட்டக் கூடாது" என்கிறாள் அக்கா. "ஓட்டட்டும்" என்கிறான் தம்பி. அக்காவின் காரணங்கள்: வயதாகிவிட்டது; போன மாதம் கேட்டில் உரசிவிட்டார்; இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று அவரே சொல்கிறார். தம்பியின் காரணங்கள்: ஐம்பது வருடமாக விபத்தில்லாமல் ஓட்டியவர், கேட்டில் உரசுவது யாருக்கும் நடக்கும், காரை எடுத்துக்கொண்டால் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்.

முதலில் செய்ய வேண்டியது முடிவையே கூர்மையாக்குவது. "ஓட்டக் கூடாது" என்றால் எப்போது, எங்கே? இதைக் கேட்டதுமே தம்பி சொல்கிறான்: "ராத்திரியில ஓட்ட வேண்டாம்னுதான் நானும் சொல்றேன், அக்கா." இரவு ஓட்டத்தைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே இல்லை. கண் கூச்சம் பற்றி அக்கா எவ்வளவு பேசினாலும் தம்பி ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் பேசிக்கொண்டிருப்பாள். மிச்சம் இருப்பது பகலில், பழகிய சாலைகளில் ஓட்டலாமா என்பது மட்டும். முடிவைச் சரியான சொற்களில் வைத்த மாத்திரத்திலேயே சண்டை பாதியாகக் குறைவது அபூர்வம் இல்லை. அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். தம்பி கேட்கிறான்: "அப்பாவுக்கு அறுபது வயசுதான்னு வெச்சுக்கோ, மத்தது எல்லாம் இதே மாதிரிதான். அப்ப ஓட்டலாம்னு சொல்வியா?"

"மாட்டேன்."

"அந்தக் கேட்டுல உரசவே இல்லைன்னா?"

அக்கா கொஞ்சம் யோசிக்கிறாள். "அப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன்."

வயதும் கேட்டும் போய்விட்டன. ஆனாலும் முடிவு நிற்கிறது என்றால் அதை வேறு ஏதோ தாங்குகிறது. "அப்ப எதுக்காக வேண்டாம்ங்கற?" என்று கேட்கும்போதுதான் இதுவரை பட்டியலில் இல்லாத ஒன்று வெளியே வருகிறது. "பக்கத்துலேர்ந்து வர்றது அவருக்குத் தெரியறதில்லைடா. போன வாரம் வலது பக்கம் வந்த சைக்கிளை, நான் கத்தினப்புறம்தான் பார்த்தார்."

"அது அப்படி இல்லைன்னு நிச்சயமா தெரிஞ்சா?"

"பகல்ல ஓட்டட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அக்காவின் அச்சாணி கிடைத்தது. வழக்கமாகவே இது முதலில் சொன்ன காரணங்களுக்குள் இருப்பதில்லை. முதலில் வருபவை பிறரிடம் எடுபடும் என்று தோன்றும் காரணங்கள். நம்மை உண்மையில் நகர்த்திய காரணம் சின்னதாக, சொல்லத் தயங்குகிற மாதிரி இருக்கும்.

இப்போது அக்காவின் முறை. "ஐம்பது வருஷத்துல அவர் ரெண்டு மூணு தடவை இடிச்சிருந்தார்னா?" "அப்பவும் ஓட்டட்டும்னுதான் சொல்லியிருப்பேன்." பழைய சாதனை அச்சாணி இல்லை. "தினமும் அவர் கூப்பிட்ட நேரத்துக்கு ஒரு ஆள் வந்து வண்டி ஓட்டினா?" "அது நடக்கிற காரியமா?" "நடக்குதுன்னே வெச்சுக்கோயேன்." "அப்ப சரி, விட்டுடலாம்." ஆக, அப்பா முடங்கிவிடுவார் என்பது தம்பியின் அச்சாணி.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். இரண்டு அச்சாணிகள் கிடைத்துவிட்டன என்று சந்தோஷப்பட்டு, முடங்குவாரா மாட்டாரா என்று அடுத்த சண்டையைத் தொடங்குவார்கள். ஆனால் அக்காவிடம் கேட்டால், "முடங்கிடுவார்தான், எனக்குத் தெரியாதா?" என்பாள். தம்பி உறுதியாக நம்பும் அதை அவளும் நம்புகிறாள். ஒருவருக்கு அச்சாணியாக இருந்தாலும், மற்றவரும் அதை உண்மை என்றே ஏற்றுக்கொண்டால், கருத்து பிரிந்த இடம் அது அல்ல. (மாற்று ஏற்பாடு சாத்தியம் என்றால் அது வேறு வழியில் பிரச்சினையையே தீர்க்கலாம் என்பது உண்மை. அதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.)

எனவே அக்காவின் அச்சாணியைத் தம்பியின் முன் வைக்க வேண்டும். "பக்கத்துலேர்ந்து வர்றது அவருக்குத் தெரியலைன்னு உறுதியாச்சுன்னா நீ என்ன சொல்வே?"

"அப்படின்னா பகலோ ராத்திரியோ, வேண்டவே வேண்டாம். ஆனா எனக்கு அப்படித் தோணலை, அக்கா. அன்னைக்கு அவர் உன்கிட்ட பேசிக்கிட்டே ஓட்டினார். கவனம் சிதறிடுச்சு, அவ்வளவுதான்."

இதுதான் இடம். அப்பாவின் பக்கவாட்டுப் பார்வை குறைந்திருக்கிறதா, அல்லது அன்று பேச்சில் கவனம் போனதா? "வயதானவர்கள் கார் ஓட்டலாமா" என்ற பெரிய கேள்வி, ஒரு மனிதரின் கண்ணைப் பற்றிய சின்னக் கேள்வியாகிவிட்டது.

சோதனை அந்தக் கூற்றைத் தொடுகிறதா?

அச்சாணியைக் கண்டுபிடித்த பிறகும் காரியம் கெட்டுப்போகும் இடம் இது. தம்பி அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகிறான். அவர் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுகிறார். "கண் நல்லா இருக்கு" என்று வந்து சொன்னால் அக்கா நம்ப மாட்டாள், தம்பிக்குக் கோபம் வரும்: ஆதாரம் கொண்டுவந்தும் மாற மறுக்கிறாளே! ஆனால் அக்கா நம்பாதது சரிதான். எழுத்துப் பலகை, நேராகப் பார்க்கும்போது உள்ள கூர்மையை மட்டும் அளக்கிறது. பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று அது சொல்லாது. அதற்குப் பார்வைப் புலப் பரிசோதனை வேண்டும்: ஒரு கண்ணை மூடிவிட்டு, மறு கண்ணால் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சுற்றிலும் அங்கங்கே மின்னும் சிறு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அடுத்த கண்ணுக்கு.

அக்கா சொன்ன இரண்டு கண் பிரச்சினைகளும் ஒன்றில்லை என்பதும் இங்கே தெளிவாகும். இரவுக் கூச்சத்துக்குக் கண்புரை ஒரு வழக்கமான காரணம்; அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். பக்கவாட்டுப் பார்வை குறைவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கண்ணழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா. அதன் பரவலான வகை வலி இல்லாமல் மெதுவாக வரும், உள்ளவருக்கே தெரியாமல் இருக்கலாம், இழந்த பார்வை திரும்பாது. "கண் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு மறைந்தே போயிருக்கும்.

ஆகவே பரிசோதனைக்குப் போகும் முன்பே இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தப் பரிசோதனை, என்ன வந்தால் யார் என்ன செய்வது. இவர்கள் விஷயத்தில் இப்படி இருக்கலாம்: பார்வைப் புலம் குறைந்திருந்து, கார் ஓட்டுவது பாதுகாப்பில்லை என்று மருத்துவர் சொன்னால், தம்பி தன் வாதத்தை விட்டுவிடுகிறான். குறையில்லை என்றால், கவனம் சிதறுகிறதா என்று பார்க்கப் பயிற்சியாளர் ஒருவர் பகலில் ஒரு மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். அவர் சரி என்றால் அக்கா விட்டுவிடுகிறாள். இரண்டும் கெட்டானாக வந்தால் மருத்துவரின் ஆலோசனையே இறுதி. முடிவு தெரிந்த பிறகு இதைப் பேசினால், தனக்குப் பிடிக்காத முடிவு வந்தவருக்குப் பரிசோதனையில் ஓட்டைகள் தெரியத் தொடங்கும். முன்பே எழுதினால், ஓட்டைகளை முன்பே சொல்லியாக வேண்டும்.

இந்த உரையாடலில் பேசப்படாத இன்னொரு கூற்று இருக்கிறது: இதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அக்காவும் தம்பியும்தான் என்பது. அப்பாவை யாரும் கேட்கவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க நாவன்மை ஆசிரியர், வழக்கில் கருத்து பிரியக்கூடிய இடங்களை நான்காக வகுத்தார். நடந்ததா, நடந்ததற்குப் பெயர் என்ன, அது நியாயமானதா, இதைத் தீர்க்க இது சரியான மன்றமா. நான்காவதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். அச்சாணி எவ்வளவு தேடியும் அகப்படவில்லை என்றால் அங்கே ஒருமுறை பார்ப்பது பயன் தரும்.

உண்மையைப் பற்றியதாக இல்லாதபோது

எல்லா அச்சாணியும் பரிசோதனைக்கு அடங்குவதில்லை. மருத்துவர் "லேசான குறை, ஆபத்து கொஞ்சம் கூடுதல்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கா, தம்பி இருவரும் அதை அப்படியே நம்புகிறார்கள், ஆனால் முடிவில் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள். இப்போது பிரிவு தகவலில் இல்லை, எவ்வளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. இதைக் கண்டறிய இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி நகரலாம். சாதாரண ஓட்டுநருக்கு உள்ள அதே ஆபத்து என்றால்? இருவரும் "ஓட்டட்டும்" என்பார்கள். பத்து மடங்கு என்றால்? இருவரும் "கூடாது" என்பார்கள். இரண்டு மடங்கு? அங்கே அக்கா "கூடாது" என்றும் தம்பி "பரவாயில்லை" என்றும் சொன்னால், பிரியும் புள்ளி தெரிந்துவிட்டது. இதற்கு மேல் ஆதாரம் தேடிப் பயன் இல்லை. வாதமாகத் தொடங்கியது இனி பேரமாக நடக்கவேண்டும்: நெடுஞ்சாலை வேண்டாம், தனியாக வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று ஒரு நடுவழியைத் தேடவேண்டும்.

சில சமயம் பிரிவு ஒரு சொல்லின் எல்லையில் இருக்கும். கேட்டில் உரசியது "விபத்தா" என்று இருவரும் அரை மணி நேரம் மோதலாம். அந்தச் சொல்லைத் தடைசெய்துவிட்டு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சண்டை மறைந்தால் அது சொல் சண்டை. மறையாவிட்டால் அடியில் வேறு ஏதோ இருக்கிறது.

எங்கே சறுக்கும்

"அது நடக்கவே நடக்காது" என்று கேள்வியையே மறுப்பது மிகச் சாதாரணம். தம்பியும் அப்படித்தான் தொடங்கினான். அது நடக்குமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நடந்தால் முடிவு மாறுமா என்பதுதான் கேள்வி. இதை ஒருமுறை பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் பதில் சொல்லிவிடுவார்கள்.

ஒருவர் மட்டும் தொடர்ந்து கேட்டு, மற்றவர் மட்டும் பதில் சொன்னால் அது குறுக்கு விசாரணை ஆகிவிடும். கேட்கப்படுபவர் தன் உண்மையான அச்சாணியை ஒளித்துவைத்துக்கொண்டு, உடைக்கக் கடினமான காரணத்தை முன்னால் நிறுத்துவார். இதைத் தவிர்க்க, உங்கள் அச்சாணியை நீங்கள் முதலில் சொல்லுங்கள்: "இன்னது பொய்யென்று தெரிந்தால் நான் மாறிவிடுவேன்." அதைச் சொல்ல உங்களுக்கே முடியவில்லை என்றால், மற்றவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இன்னொன்று, ஒரே அச்சாணி இல்லாத முடிவுகள். சிலருக்குப் பத்துச் சின்னக் காரணங்கள் சேர்ந்துதான் முடிவைத் தாங்குகின்றன. எதை ஒன்றைத் தனியாக எடுத்தாலும் முடிவு அசையாது. அவர் ஏமாற்றுவதாக நினைக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவரிடம் "மாறுவாயா" என்று கேட்பதைவிட "உன் உறுதி எவ்வளவு குறையும்" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பதாக இருந்த உறுதி, ஒரு காரணம் போனால் எட்டரை, இன்னொன்று போனால் ஆறு என்று சொன்னால், எந்தக் காரணத்தில் எடை அதிகம் என்று தெரிந்துவிடும். அங்கே தோண்டுங்கள். பத்துக் காரணங்களும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றனவா என்றும் பாருங்கள். ஒரே ஆள் சொன்ன தகவலிலிருந்து பிறந்த ஐந்து காரணங்கள் உண்மையில் ஒரு காரணம்தான்.

கடைசியாக, எது பொய்யானாலும் மாற மாட்டேன் என்கிற நிலை. சொல்லப்பட்ட காரணங்கள் எதிலும் அந்த முடிவு நிற்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். பயம், பழைய மனத்தாங்கல், வெளியே சொல்ல முடியாத ஒரு தகவல் என்று ஏதாவது இருக்கலாம். "உனக்குக் காரணமே இல்லை" என்று அதைச் சுட்டிக்காட்டினால் அவர் இன்னும் இறுகிப்போவார். வாதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வேறொரு நாள், வாதம் இல்லாத நேரத்தில் "இதுல உனக்கு என்ன கவலை?" என்று கேட்பதுதான் வழி.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரிசோதனைக்கு நாள் கிடைக்க இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை அப்பா ஓட்டுவாரா மாட்டாரா? இதைத் தனியாகப் பேசி, தேதி போட்டு முடிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால், இப்போது இருக்கும் நிலைமை யாருக்குச் சாதகமோ அவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். தவறிப்போனால் திருத்த முடியாத பக்கம் எது என்று பார்த்து, இடைக்காலத்துக்கு அதைத் தவிர்ப்பது நியாயம்: இரண்டு வாரம் கார் எடுக்காமல் இருந்தால் வருவது சிரமம், அது போய்விடும், அந்த இரண்டு வாரத்தில் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதினால் அது போகாது. தம்பி இதை ஏற்கலாம், ஆனால் அந்த இரண்டு வாரமும் அப்பாவை வெளியே அழைத்துப்போகும் வேலையில் பாதியை அக்கா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு.